படிக்கத் தெரியாதவர்களுக்கான ஓ.ஆர்.எஸ். போஸ்டர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்கு ஓ.ஆர்.எஸ். கரைசல் கலக்கும் முறையைப் படங்களால் காட்டும் போஸ்டர் பற்றியது இந்தப் பக்கம். கிராம சுகாதார செவிலியர்கள், அங்கன்வாடி ஆசிரியர்கள், தன்னார்வ அமைப்புகளில் வேலை செய்யும் இளைஞர்கள், படம் வரைபவர்கள், அச்சகத்தில் டிசைன் செய்பவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். கணக்கு முழுக்க 1 லிட்டர் தண்ணீரில் கலக்கும் 20.5 கிராம் பாக்கெட்டுக்கு உரியது.

இந்தப் போஸ்டர்ல ஒரே ஒரு விஷயம்தான் மனசுல நிக்கும்னா, அது எதுவா இருக்கணும்?

ஒரு முழுப் பாக்கெட், ஒரு முழு லிட்டர் தண்ணீர். மற்ற எதில் தவறினாலும் ஓரளவு சமாளித்துவிடலாம், இதில் தவறினால் குழந்தைக்கு ஆபத்து. பாக்கெட்டை ஒரே ஒரு 200 மில்லி டம்ளர் தண்ணீரில் கொட்டினால் உப்பு ஐந்து மடங்கு ஆகிவிடும். அந்தக் கரைசலைக் குடிக்கும் கைக்குழந்தையின் ரத்தத்தில் உப்பு ஏறி, தாகம் அதிகமாகி, வலிப்பு வரைக்கும் போகலாம். இரண்டு லிட்டரில் கரைத்தால் இதற்கு நேர்மாறு: வயிற்றுப்போக்கில் வெளியேறிய உப்பு திரும்பக் கிடைக்காது. தாய் விடாமல் கொடுத்துக்கொண்டே இருப்பார், குழந்தை சோர்ந்துகொண்டே போகும்.

எந்தப் படம் பெரிதாக இருக்க வேண்டும், எந்த வார்த்தை கட்டாயம் வேண்டும், எதை எடுத்துவிடலாம் என்று குழம்பும்போதெல்லாம் இந்த அளவைத்தான் பாருங்கள். அளவைக் காக்க உதவாத அலங்காரம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

படிக்கத் தெரியாதவங்களுக்குத்தானே போடுறோம்? அப்புறம் எதுக்கு எழுத்து?

தாய்க்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் வீட்டில் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பெண் இருப்பாள். பக்கத்து வீட்டில் யாராவது இருப்பார்கள். படத்தில் சந்தேகம் வந்தால் அவர்களைக் கூப்பிட்டுக் காட்டுவார்கள். அந்த நேரத்தில் உதவ நாலைந்து வார்த்தைகள் இருந்தால் போதும். நான் வைப்பவை இவை: மேலே ‘ஓ.ஆர்.எஸ்.’, தண்ணீர்ப் படத்தில் ‘1 லிட்டர்’, பாக்கெட் படத்தில் ‘முழுவதும்’, கடைசியில் ‘மறுநாள் கொட்டிவிடவும்’. அவ்வளவுதான்.

எழுத்து தெரியாத பலருக்கு எண் தெரியும் என்பதையும் மறக்க வேண்டாம். பஸ் நம்பர் பார்த்து ஏறுகிறார்கள், ரூபாய் நோட்டை எண்ணுகிறார்கள், செல்போனில் எண்ணை அழுத்துகிறார்கள். அதனால் 1, 2, 3 என்ற எண்களைப் பெரிதாகப் போடுங்கள். எழுத்துகள் அலங்கார வளைவு இல்லாமல் பாடப்புத்தகத்தில் வருவதுபோல இருக்கட்டும். மூன்று மீட்டர் தள்ளி நின்று பார்க்கும் போஸ்டரில் எழுத்தின் உயரம் 3 செ.மீ. இருந்தால் எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும் எட்டும். ‘லி’, ‘மு’ என மேலும் கீழும் நீளும் எழுத்துகள் நமக்கு உண்டு. வரிகளை நெருக்கினால் கொம்பும் சுழியும் மோதிக்கொள்ளும்.

மொத்தம் எத்தனை படம் வேணும்?

ஐந்து. முதல் கட்டத்தில் தாய் சோப்புப் போட்டுக் கை கழுவுகிறார். இரண்டாவதில் ஒரு லிட்டர் பாட்டில் தண்ணீரைப் பாத்திரத்தில் ஊற்றுகிறார். மூன்றாவதில் முழுப் பாக்கெட்டையும் அதில் கொட்டுகிறார். நான்காவதில் தூள் கரையும் வரை கரண்டியால் கலக்குகிறார். ஐந்தாவதில் மடியில் இருக்கும் குழந்தைக்குக் கரண்டியால் புகட்டுகிறார். இவற்றுக்குக் கீழே ஒரு தடித்த கோடு. கோட்டுக்குக் கீழே, மிஞ்சியதை மறுநாள் கொட்டுவது தனியாக வரும்.

இரண்டாவது, மூன்றாவது கட்டங்கள் மற்றவற்றைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். எல்லாக் கட்டமும் ஒரே அளவில் இருந்தால் பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆனால் கை கழுவுவதும் தண்ணீர் அளவும் ஒரே கனம் உள்ளவை போலத் தோன்றிவிடும்.

எல்லாக் கட்டத்திலும் அதே தாய், அதே புடவை நிறம், அதே பாத்திரம் இருக்கட்டும். புடவை நிறம் மாறினால் அது வேறு பெண், வேறு கதை என்று எடுத்துக்கொள்வார்கள். பாத்திரம் மாறினால் இன்னொரு பாத்திரத்துக்கு மாற்ற வேண்டும் போல என்று நினைப்பார்கள். வரைபவர் சலிப்பு தீர நிறத்தை மாற்றுவது இங்கே கூடாது.

போட்டோ போட்டா நல்லா இருக்குமா, இல்ல இணையத்துல கிடைக்கிற ஐகான் எடுத்துக்கலாமா?

ஐகான் வேண்டாம். கறுப்பு நிழலுருவமாக இருக்கும் மனிதனும், இரண்டு கோடு வளைத்த நீர்த்துளியும் விமான நிலையத்துக்கும் செல்போனுக்கும் பழகிய கண்ணுக்குத்தான் சட்டென்று பிடிபடும். 1976-ல் நேபாளத்தில் யுனிசெஃப் துணையோடு கிராமத்தாரிடம் படங்களைக் காட்டிக் கேட்டு ஒரு ஆய்வு நடந்தது. நிழலுருவத்தையும் மிகவும் சுருக்கி வரைந்ததையும்விட, கொஞ்சம் நிழல் தீட்டிய கோட்டுப் படத்தைத்தான் அவர்கள் எளிதில் அடையாளம் கண்டார்கள். படம் மட்டும் தனியாக நின்று ஒரு கருத்தைக் கொண்டுசேர்த்துவிடும் என்று நம்பக்கூடாது என்பதும் அந்த ஆய்வு சொன்ன சேதி.

போட்டோவில் பிரச்சினை பின்னணி. சமையலறையில் எடுத்தால் அடுப்பு, அலமாரி, காலண்டர் எல்லாம் சேர்ந்து விழும். பார்ப்பவர் காலண்டரில் இருக்கும் சாமியைப் பற்றிப் பேசத் தொடங்குவார். போட்டோ எடுத்து, அதன்மேல் வைத்துக் கோடு இழுத்து, வேண்டியதை மட்டும் நிழல் தீட்டி எடுப்பதுதான் நல்ல வழி. உடம்பு, முகம், கை எல்லாம் இயல்பான அளவில் வரும், தேவையில்லாதது போய்விடும்.

கையை மட்டும் மணிக்கட்டோடு வெட்டிப் பெரிதாகக் காட்டும் பழக்கம் டிசைனர்களிடம் இருக்கிறது. படம் பார்த்துப் பழக்கமில்லாதவருக்கு அது வெட்டுப்பட்ட கையாகத் தெரியலாம். தாயை இடுப்பு வரையாவது காட்டுங்கள்.

ஒரு லிட்டர்ங்கிறதை எப்படிப் படத்துல காட்டுறது?

கடையில் விற்கும் 1 லிட்டர் தண்ணீர் பாட்டில்தான் இன்றைக்கு எல்லா ஊரிலும் தெரிந்த அளவுப் பாத்திரம். ஆனால் அரை லிட்டர் பாட்டிலும் அதே வடிவத்தில்தான் வருகிறது, முக்கால் லிட்டர் குளிர்பான பாட்டிலும் பார்க்க அப்படித்தான். தனியாக ஒரு பாட்டில் வரைந்தால் எது என்று தெரியாது. அதனால் பாட்டிலை நிஜ உயரத்திலேயே வரையச் சொல்கிறேன். 42 செ.மீ. அகலம், 59 செ.மீ. உயரத் தாளில் அது பெரிய இடத்தை எடுக்கும், எடுக்கட்டும். தாய் தன் வீட்டுப் பாட்டிலைப் போஸ்டர்மேல் வைத்துப் பார்க்கலாம். தாளை நிஜ அளவிலேயே அச்சிட வேண்டும், சுருக்கினால் இந்த வசதி போய்விடும். இதை அச்சகத்தில் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது ஊற்றும் படம். வழக்கமாகப் பாட்டிலைச் சாய்த்து, பாதித் தண்ணீர் உள்ளே இருக்க, பாதி விழுவதுபோல வரைவார்கள். அதைப் பார்ப்பவருக்குப் பாதி ஊற்றினால் போதும் என்று படுகிறது. படத்தில் இருப்பது அதுதான், அவரைக் குறை சொல்ல முடியாது. அதனால் இரண்டு பாட்டில் வரையுங்கள். ஒன்று கழுத்துவரை நிரம்பி நிமிர்ந்து நிற்கட்டும். மற்றது தாயின் கையில் முழுக்கத் தலைகீழாக, காலியாக, கடைசிச் சொட்டு விழும் நிலையில் இருக்கட்டும். கீழே பாத்திரத்தில் தண்ணீர் மட்டம் தெரிய வேண்டும். எவர்சில்வர் பாத்திரத்துக்குள் தண்ணீர் தெரியாது என்பதால், சற்று மேலிருந்து பார்ப்பதுபோல வாய் அகன்ற பாத்திரமாக வரையுங்கள்.

தண்ணீர் காய்ச்சி ஆறியதாக இருப்பது நல்லது. அதைக் காட்ட ஆவி வரைந்தால் சுடுதண்ணீரை ஊற்றிவிடுவார்கள். இது வாயால் சொல்ல வேண்டியது.

பாட்டில் இல்லாத வீட்டுக்கு அஞ்சு டம்ளர் வரைஞ்சுட்டா போதாதா?

போதாது. டம்ளர் வீட்டுக்கு வீடு மாறும். காபி டம்ளர் ஒன்று, தண்ணீர் டம்ளர் ஒன்று என்று ஒரே வீட்டிலேயே இரண்டு அளவு இருக்கும். அது மட்டுமல்ல, ஐந்து டம்ளரை வரிசையாக வரைந்தால் ஐந்து பேருக்கு என்றோ, குழந்தைக்கு ஐந்து டம்ளர் புகட்ட வேண்டும் என்றோ புரிந்துகொள்வார்கள்.

வீட்டுக்குப் போகும் செவிலியர் கையில் ஒரு லிட்டர் பாட்டிலோடு போய், அந்த வீட்டுச் சொம்பிலோ குண்டானிலோ ஊற்றி, தண்ணீர் எங்கே நிற்கிறது என்று தாயிடமே காட்டுவதுதான் சரி. பாத்திரத்தின் வெளிப்பக்கம் நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டுவிட்டால் நாளாகும் வரை அழியாது.

பாக்கெட்ல பாதியைப் போட்டுட்டு மிச்சத்தை மடிச்சு வைக்கிறாங்க. இதைப் படத்துல எப்படித் தடுக்கிறது?

குழந்தை சின்னது, கொஞ்சம் போதும் என்ற எண்ணம் அது. மருந்து விஷயத்தில் நியாயமான எண்ணமும்கூட, பாராசிட்டமால் சிரப்பைக் குழந்தையின் எடைக்குத் தகுந்தபடிதானே கொடுக்கிறோம். இங்கே கலக்கும் அளவு எல்லோருக்கும் ஒன்று, குடிக்கும் அளவுதான் வயதுக்கு ஏற்ப மாறும். இதைப் படம் முழுதாக விளக்காது, ஆனால் கொஞ்சம் துணை செய்யும்.

பாட்டிலுக்குச் சொன்னதேதான் இதற்கும். பாக்கெட்டின் மேல்பக்கம் ஓரம் முழுக்கக் கிழிக்கப்பட்டு, வாய் அகன்று, தலைகீழாக, உள்ளே ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும். மூலையில் சின்னதாக வெட்டி, லேசாகச் சாய்த்த பாக்கெட் ‘கொஞ்சம் போடு’ என்றுதான் சொல்லும். பக்கத்தில் ‘முழுவதும்’ என்ற வார்த்தை.

சப்ளை மாறும்போது பாக்கெட்டின் நிறமும் மாறும். வரைந்த பாக்கெட்டும் கையில் இருக்கும் பாக்கெட்டும் ஒத்துப்போகாவிட்டால் குழப்பம்தான். அதனால் பாக்கெட் வரும் இடத்தில் வெறும் கட்டம் விட்டு, இப்போது கொடுக்கும் பாக்கெட்டின் காலி உறையை ஒட்டிவிடுங்கள். சப்ளை மாறினால் உறையையும் மாற்றலாம். கடைகளில் 200 மில்லிக்கான சிறிய பாக்கெட்டும் கிடைக்கிறது, அதை ஒரு லிட்டரில் கரைத்தால் நீர்த்துப்போகும். நிஜ உறை ஒட்டியிருந்தால் அளவு வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

அம்புக்குறி எல்லாருக்கும் புரியும்தானே?

சாலையில் வழிகாட்டும் அம்பு பலருக்குத் தெரியும். அதாவது ‘இந்தப் பக்கம் போ’ என்பது தெரியும். ‘இதற்கு அப்புறம் இது’ என்று அதே அம்பு சொல்வது பள்ளிப் பாடப்புத்தகத்தில் கற்ற பழக்கம். பள்ளிக்கூடம் போகாதவர் இரண்டு கட்டங்களுக்கு நடுவே இருக்கும் அம்பைப் பார்த்து, இந்தப் பாத்திரத்தை அங்கே கொண்டுபோக வேண்டும் என்று சொல்வது உண்டு. அதனால் அம்பை எண்ணோடு சேர்த்துத்தான் பயன்படுத்த வேண்டும். வரிசையைச் சொல்வது எண், அம்பு அதற்குத் துணை.

அதைவிடப் பெரிய தவறு, ஒரே போஸ்டரில் அம்பை நான்கு வேலைக்கு வைப்பது. கட்டத்திலிருந்து கட்டத்துக்குப் போக ஒரு அம்பு, தண்ணீர் கீழே விழுவதைக் காட்ட ஒரு அம்பு, கரண்டி சுற்றுவதைக் காட்ட வளைந்த அம்பு, பாக்கெட்டைச் சுட்டிக்காட்ட இன்னொன்று. படித்தவர் இவற்றைத் தானாகப் பிரித்துக்கொள்வார். மற்றவருக்கு நாலும் ஒரே குறிதான். அம்பு வரிசைக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் விழுவதைத் தண்ணீரே காட்டும். கலக்குவதைச் சுழலும் நீரின் கோடுகள் காட்டும். அம்பு தடிமனாக, உடல் அகன்று, தலை தெளிவாக இருக்கட்டும். மெல்லிய கோட்டின் முனையில் சின்ன முக்கோணம் வைத்தால் குச்சி மாதிரி இருக்கும்.

மேல மூணு, கீழ ரெண்டுன்னு ரெண்டு வரிசையா வைக்கலாமா?

வைத்தால் முதல் வரிசை முடிந்து இரண்டாவது வரிசைக்குத் திரும்பும் இடத்தில்தான் தவறு நடக்கும். மூன்றாவது கட்டத்திலிருந்து இடதுபக்கம் கீழே போக வேண்டும் என்பது புத்தகம் வாசித்த கண்ணின் பழக்கம். அது இல்லாதவர் நேர் கீழே இருக்கும் கட்டத்துக்கு இறங்குவார். பாக்கெட்டைக் கொட்டியதும் நேராகக் குழந்தைக்குப் புகட்டுவது என்று ஆகிவிடும், கலக்குவது விட்டுப்போகும்.

மேலிருந்து கீழாக ஒரே நெடுவரிசைதான் பாதுகாப்பு. இடம் போதாவிட்டால் படத்தைச் சிறிதாக்காமல் தாளை நீளமாக்குங்கள்.

‘இப்படிச் செய்யாதீங்க’ன்னு சிவப்புல பெருக்கல் குறி போட்டா தெளிவா இருக்குமே?

நமக்குத் தெளிவு. ஆனால் சிவப்புக் குறி ஆஸ்பத்திரியிலும் ஆம்புலன்சிலும் மருந்துக் கடையிலும் கூட்டல் வடிவில் இருக்கிறது. அதைக் கொஞ்சம் சாய்த்தால் பெருக்கல். டம்ளரில் பாக்கெட்டைக் கொட்டும் படத்தின்மேல் சிவப்புப் பெருக்கல் போட்டுவிட்டு, ‘இது ஆஸ்பத்திரியில சொன்ன முறை’ என்று யாரும் நினைக்க மாட்டார்கள் என எப்படிச் சொல்ல முடியும்? பெருக்கல் குறி படத்தின் நடுவே விழுந்து, எது தவறு என்று காட்ட வரைந்த பகுதியையே மறைத்துவிடவும் செய்கிறது.

என் முடிவு: இந்தப் போஸ்டரில் தவறான முறையை வரையவே கூடாது. சுவரில் இருப்பதை வீட்டுக்குப் போய் நினைவுபடுத்தும்போது குறி மறந்துபோகும், டம்ளரில் கொட்டிய படம் நிற்கும். சரியானதை மட்டும் பெரிதாகக் காட்டுங்கள்.

மிஞ்சினதை 24 மணி நேரத்துல கொட்டணும். சூரியன், நிலா, சூரியன்னு போட்டா சரிதானே?

அடிப்படை சரி. ஆனால் மருந்துச் சீட்டுகளிலும் மாத்திரை உறைகளிலும் சூரியன் என்றால் காலை வேளை, நிலா என்றால் இரவு வேளை. அதே பழக்கத்தில் ‘காலை, இரவு, காலை மூன்று வேளை கொடுக்க வேண்டும்’ என்று வாசித்துவிடுவார்கள். இதனால்தான் ஐந்து கட்டங்களுக்கும் இதற்கும் நடுவே தடித்த கோடு வேண்டும் என்றேன். சூரியனும் நிலாவும் குழந்தைக்குப் பக்கத்தில் இல்லாமல், மூடிய பாத்திரத்துக்கு மேலே இருக்க வேண்டும். முதல் சூரியனுக்குக் கீழே மூடிய பாத்திரம், நிலாவுக்குக் கீழே அதே மூடிய பாத்திரம், இரண்டாவது சூரியனுக்குக் கீழே பாத்திரத்தைச் செடிக்கடியில் கவிழ்க்கும் தாய்.

தமிழ்நாட்டில் இன்னொரு கவனம் தேவை. இரண்டு மலைகளுக்கு நடுவே கதிர் விரித்து எழும் சூரியனை வரைந்தால் அது உதயசூரியன் சின்னம். விரித்த உள்ளங்கை, இரண்டு இலை, மாம்பழம் எல்லாமே அப்படித்தான். 1951–52-ல் நடந்த முதல் பொதுத்தேர்தலிலிருந்தே எழுத்துத் தெரியாத வாக்காளர்களுக்காகச் சின்னங்கள் இருக்கின்றன. எழுத்துக்கு முன்னால் சின்னத்தைப் படித்தவர்கள் நம் ஊர்க்காரர்கள். தேர்தல் நேரத்தில் போஸ்டரைக் கிழிக்கவோ மறைக்கவோ வேண்டிவரும், மற்ற நேரத்தில் கட்சி விளம்பரமாகிவிடும். சூரியனை நடுவானத்தில் முழு வட்டமாக வரையுங்கள். கை கழுவும் படத்தில் இரண்டு கையும் உரசிக்கொள்ளட்டும், விரித்த கை முன்னால் நீட்டியபடி வேண்டாம்.

எவ்வளவு குடிக்கக் கொடுக்கணும்னு படத்துல இல்லையே?

ஒவ்வொரு முறை வயிற்றுப்போக்கு ஆனதும், இரண்டு வயதுக்குள் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் பத்து வயது வரை 100 முதல் 200 மில்லி. 200 மில்லி டம்ளரில் பார்த்தால் கால் முதல் அரை டம்ளர், அரை முதல் முழு டம்ளர். மடியில் இருக்கும் குழந்தை பக்கத்தில் அரை டம்ளரும், நிற்கும் குழந்தை பக்கத்தில் முழு டம்ளரும் வரைந்து பார்க்கலாம். ஆனால் டம்ளர் போஸ்டருக்குள் வந்தவுடன் கலக்கும் அளவோடு குழம்பும் அபாயம் வருகிறது. முதல் பதிலில் சொன்ன ஆபத்து அது. அதனால் ஐந்தாவது கட்டத்தில் கரண்டியை மட்டும் வைத்து, குடிக்கும் அளவைச் செவிலியர் வாயால் சொல்லட்டும் என்று விட்டுவிடுகிறேன்.

வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, மறுபடி கரண்டி கரண்டியாக மெதுவாகக் கொடுக்க வேண்டும் என்பதும் அப்படித்தான். பத்து நிமிடத்துக்குப் படம் கிடையாது.

ஜிங்க் மாத்திரை, வீட்டுல செய்யுற உப்பு-சர்க்கரைக் கரைசல், எப்ப ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு எல்லாத்தையும் ஒரே போஸ்டர்ல சேர்த்துடலாமே? செலவு மிச்சம்.

ஜிங்க் 14 நாள் கொடுக்க வேண்டியது. ஆறு மாதத்துக்கு மேல் தினமும் 20 மில்லிகிராம், இரண்டு முதல் ஆறு மாதம் வரை 10 மில்லிகிராம். அதற்குத் தேவை, நாள்தோறும் ஒரு கட்டத்தில் கோடு போடும் சிறு அட்டை. வயிற்றுப்போக்கு நின்றதும் நிறுத்திவிடும் பழக்கத்துக்கு அதுதான் மருந்து. மலத்தில் ரத்தம், கண் குழிவிழுதல், குடிக்க முடியாமை, எழுப்பினாலும் மயங்கிக் கிடப்பது போன்ற ஆபத்து அறிகுறிகளுக்குத் தனிப் போஸ்டர் வேண்டும். அங்கே வரிசையே கிடையாது, எது வந்தாலும் உடனே போக வேண்டும். வரிசை எண்ணோடு இதைச் சேர்த்தால் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒவ்வொன்றாக வருவதற்காகக் காத்திருப்பார்கள்.

வீட்டுக் கரைசலை ஒரு லிட்டருக்குத் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு என்று சொல்வார்கள். இரண்டும் வெள்ளை, படத்தில் இடம் மாறினால் விபரீதம். வங்கதேசத்தில் பிராக் அமைப்பு 1980 முதல் பத்தாண்டு காலம் வீடு வீடாகப் போய், மூன்று விரலால் எடுக்கும் உப்பும் ஒரு கைப்பிடி வெல்லமும் சேர்த்துக் கரைப்பதைத் தாய்மார்களுக்குக் கற்றுக்கொடுத்தது. தாய் நினைவில் வைத்திருந்தாரா, அவர் கலந்ததில் உப்பு சரியாக இருந்ததா என்று பிறகு சோதித்தார்கள், கற்றுக்கொடுத்தவருக்கான ஊதியமே அதைப் பொறுத்துத்தான். அவ்வளவு உழைப்பு தேவைப்பட்ட விஷயத்தைச் சுவரில் ஒரு மூலையில் ஒட்டிவிட்டு வர முடியாது.

நர்சம்மா கேட்டா எல்லாரும் ‘புரியுது’ன்னுதான் சொல்றாங்க. உண்மையிலேயே புரிஞ்சுதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

‘புரியுதா?’ என்று கேட்கவே கூடாது. அந்தக் கேள்விக்கு மரியாதையான பதில் ஒன்றுதான் உண்டு. ஒவ்வொருவராகத் தனியாக உட்கார வைத்து, ‘இந்தப் படத்துல என்ன தெரியுதும்மா?’, ‘அவங்க என்ன செய்றாங்க?’, ‘அடுத்து எதைப் பார்ப்பீங்க?’ என்று கேளுங்கள். கூட்டமாக வைத்துக் கேட்டால் விவரம் தெரிந்த ஒருவர் சொல்வதை மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். எழுத்தை மூடிய பிரதி ஒன்று வைத்திருங்கள், அதைத்தான் முதலில் காட்ட வேண்டும். சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், சரி தப்பு என்று முகத்தில் காட்ட வேண்டாம்.

பிறகு ஒரு பாக்கெட், ஒரு லிட்டர் பாட்டில், அரை லிட்டர் பாட்டில், ஒரு டம்ளர், ஒரு சொம்பு, ஒரு குண்டான் எல்லாவற்றையும் முன்னால் வைத்து, ‘படத்துல இருக்கிற மாதிரி செஞ்சு காட்டுங்க’ என்று சொல்லிவிட்டு நகர்ந்து உட்காருங்கள். அரை லிட்டர் பாட்டிலும் டம்ளரும் இல்லாமல் வைத்தால் அது சோதனையே ஆகாது, தவறு செய்ய வழியே இல்லாமல் போய்விடும்.

எத்தனை பேர் சரியா சொன்னா அச்சுக்குக் கொடுக்கலாம்?

பொது இடக் குறியீடுகளுக்கான சர்வதேசத் தர நெறிகளில் 67 சதவீதம் என்ற அளவு புழங்குகிறது. அமெரிக்கப் பாதுகாப்புச் சின்னங்களுக்கான தரம் 85 சதவீதம் சரியான பதிலைக் கேட்கிறது, அதோடு ஆபத்தான தவறான புரிதல் 5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்கிறது. இந்த இரண்டாவது நிபந்தனைதான் நமக்கு உயிர்.

20 பேரிடம் காட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 17 பேர் சரியாகச் சொன்னால் 85 சதவீதம் வந்துவிட்டது. மீதி மூவரைப் பாருங்கள். சோப்பைத் தேங்காய்ச் சில்லு என்று சொன்னவர் ஒருவர், கலக்காமல் விட்டவர் ஒருவர் என்றால் சின்னத் திருத்தம் போதும். பாக்கெட்டை டம்ளரில் கொட்டியவர்கள் இருவர் என்றால், அதுவே 10 சதவீதம், அந்தப் போஸ்டர் அச்சுக்குப் போகக் கூடாது. இரண்டாவது கட்டத்தை மாற்றி வரைந்து, முன்பு பார்க்காத வேறு ஆட்களிடம் மறுபடி காட்ட வேண்டும். ஒருமுறை பார்த்தவருக்கு விடை தெரிந்துவிடும்.

எல்லாப் படத்தையும் சரியா சொல்லிட்டாங்க. செய்யச் சொன்னா மட்டும் தப்புப் பண்றாங்க. இது எப்படி?

அடையாளம் காண்பது வேறு, அதைத் தனக்குச் சொன்ன வேலையாக எடுத்துக்கொள்வது வேறு. ‘ஒரு பொம்பள தண்ணி ஊத்துறா’ என்று சரியாகச் சொன்னவர், தான் ஊற்ற வேண்டிய அளவு அது என்று எண்ணாமல் இருக்கலாம். பாட்டிலைப் பெரிதாக்கியும், எண் போட்டும் இது தீராவிட்டால் படத்தை மேலும் திருத்துவதில் பயனில்லை. அங்கே போஸ்டர் செவிலியரின் கைக்கருவியாக இருக்க வேண்டும். அவர் கட்டத்தைத் தொட்டுக் காட்டி ஒருமுறை கலந்து காட்டுவார், பிறகு தாய் அதே கட்டங்களைத் தொட்டுக்கொண்டு தானே கலப்பார். அதன்பின் வீட்டில் அதே படம் சின்ன அட்டையாக இருந்தால் அவர் செய்த வேலையை அது நினைவூட்டும்.

வீட்டுக்குப் போகும் அட்டை பெரும்பாலும் ஜெராக்ஸாகத்தான் இருக்கும். அதனால் நிறத்தை நம்பி எந்தத் தகவலையும் வைக்காதீர்கள். அச்சுக்கு முன் ஒருமுறை கறுப்பு வெள்ளையில் எடுத்து, அதையும் முன்பு சொன்னபடி காட்டிக் கேளுங்கள். அட்டையில் பாட்டில் சிறிதாகிவிடும் என்பதால் நிஜ அளவின் பயன் அங்கே கிடைக்காது. பாத்திரத்தில் போட்ட கோடுதான் அந்த வேலையைச் செய்ய வேண்டும்.

செங்கல் சூளையில ஒடிசாக்காரங்க இருக்காங்க. தமிழ் வார்த்தையை எடுத்துட்டா அதே போஸ்டர் அவங்களுக்கும் ஆகும்தானே?

எண்கள் ஆகும், பாட்டிலும் பாக்கெட் உறையும் ஆகும். ஆனால் தாயின் புடவைக் கட்டு, குழந்தையை வைத்திருக்கும் விதம், பாத்திரம், தண்ணீர் எடுக்கும் இடம் எல்லாம் மாறும். ‘இது அவங்க ஊர்க்காரங்களுக்கு’ என்று பார்க்காமல் போய்விடுவார்கள். எழுத்தை எடுத்தால் வீட்டில் படித்த ஒருவரின் உதவியும் போகும், ‘முழுவதும்’ என்ற வார்த்தை செய்துவந்த வேலையைச் செய்ய யாரும் இருக்க மாட்டார்கள். அந்த இடத்தில் ஒடியா வார்த்தை வேண்டும். அதைச் சூளையிலேயே இருக்கும், எழுதத் தெரிந்த ஒருவரிடம் எழுதி வாங்கி, இன்னொருவரிடம் வாசிக்கக் கொடுத்துச் சரிபாருங்கள். பிறகு 20 பேர் சோதனை மறுபடியும், அவர்களிடம்.

சூளையில் வேலை அதிகாலையிலேயே தொடங்கிவிடும், ஆட்களைப் பகலில் உட்கார வைத்துக் கேட்க முடியாது. மேஸ்திரியிடம் முன்கூட்டியே பேசி, கூலி தரும் நாளன்று போனால் பெண்கள் குடிசைகளில் இருப்பார்கள். மேஸ்திரியைச் சோதனை நடக்கும் இடத்தில் உட்கார விடாதீர்கள். அவர் முன்னால் ‘தெரியல’ என்று சொல்ல யாருக்கும் வாய் வராது.